அடுக்கியவர் பெயர்

நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விரலில் நரம்பில்லாமல் டைப் அடிக்கிறவர்களை அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்தான் மொத்தமாகப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என் போனில் வந்த வீடியோ அது. கீழே ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். எல்லாரும் திட்டியது எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் அக்காவை. அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது. "என்னடி, சாப்பிடாம போனையே முறைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே மிளகாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அக்காவை எங்கள் பேக்கிங் ஹாலில் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவோம். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். சுவர் நேராக இருக்கிறதா என்று அவர் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர் அது. "என்கிட்ட இருக்கிற ரசமட்டம் கூட ஒருநாள் பொய் சொல்லும். வீட்ல இருக்கிறது சொல்லாது" என்று அவரே ஒருமுறை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்லூரியில் படிக்கும் அவள் மகள் கூட, "எங்க வீட்டு வாசல்ல செருப்பு கூட அட்டென்ஷன்லதான் நிக்கும்" என்பாள்.

பன்னிரண்டு வருஷம் ஒரு சட்டைக் கம்பெனியில் மடிப்பு வேலை செய்தவள் அக்கா. சட்டையின் காலர் அட்டைப்பெட்டிக்குள் கசங்காமல் உட்கார என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். கம்பெனி மூடியதும் இங்கே வந்தாள். இங்கே என்றால், மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு பெட்டி அனுப்பும் இடம். உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், அதுதான் வியாபாரமே. சோப்பு, தலைக்கு எண்ணெய், உதட்டுக்குக் களிம்பு, மரச்சீப்பு, குளியல் உப்பு, முகத்துக்குக் க்ரீம் என்று ஆறு சாமான். எங்கள் முதலாளி மேடம் தன் கார் ஷெட்டில் மூன்று பேரோடு ஆரம்பித்தபோது அந்த மூன்று பேரில் அக்கா ஒருத்தி. இப்போது ஹாலில் நாங்கள் ஒன்பது பெண்கள், மாதம் பதினைந்தாயிரம் பெட்டிகள்.

பெட்டியை அடுக்குவது என்னமோ குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து நின்று பார்க்க வேண்டும். தட்டையாக வரும் அட்டையை மடித்துப் பெட்டியாக்கணும். டிஷ்யூ பேப்பர் இரண்டு தாள், ஒன்றின் மேல் ஒன்று சற்றே தள்ளி, ஓரங்கள் வெளியே தொங்குகிற மாதிரி விரிக்கணும். அதன் மேல் துருவல்: மடிப்பு மடிப்பாகச் சுருண்ட மெல்லிய காகித நறுக்கு, ஒரு பெட்டிக்கு இரண்டு கைப்பிடி. அதில் சாமானை வைக்கக் கூடாது, அமுக்க வேண்டும். க்ரீம் ஜாடி நட்டநடுவில் போகும். அக்கா அதை அமுக்கி ஒரு சின்னத் திருகு திருகுவாள். ஜாடி தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மற்ற ஐந்தும் அதில் சாய்ந்து நிற்கும். மேலே கார்டு. அப்புறம் டிஷ்யூவை இடமும் வலமுமாக மடித்து, நடுவில் கம்பெனி முத்திரை போட்ட வட்ட ஸ்டிக்கர். மூடியதும் பெட்டி என் மேஜைக்கு வரும். நான் டேப் போட்டு முகவரி ஒட்டுவேன்.

முன்பெல்லாம் என் மேஜையில் எடை பார்க்கும் மெஷினும் இருந்தது. ஒரு சாமான் குறைந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். வேகம் குறைகிறது என்று அதைத் தூக்கி ஓரம் கட்டியது யார் தெரியுமா? மேடமேதான்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிப் பெயர் பொன்னெழுத்தில், கீழே 'உங்களுக்காக இதை அன்போடு அடுக்கியவர்' என்று அச்சு, பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் அடுக்கியவர் தன் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். மேடத்தின் யோசனை அது. வாடிக்கையாளருக்கு மனசு குளிருமாம். மற்றவர்கள் பாதிப் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். அக்கா மட்டும் இனிஷியலோடு முழுப் பெயர் எழுதுவாள், பரீட்சை பேப்பரில் எழுதுவது போல.

வீடியோவில் இருந்தது அந்தப் பெயர்தான்.

வீடியோ போட்ட பெண்ணை எங்களுக்குத் தெரியும். மாதாமாதம் மேடம் இலவசமாகப் பெட்டி அனுப்புவார், அவள் கேமரா முன்னால் பிரித்துக் காட்டுவாள், அதைப் பார்த்து நாலு பேர் சந்தா கட்டுவார்கள். ஐந்து லட்சம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள். வெள்ளை மேஜை, பக்கத்தில் பூ, மேலே விளக்கு. "சத்தியமா இப்பதான் பிரிக்கிறேன், உங்களோட சேர்ந்துதான் நானும் பார்க்கப்போறேன்" என்கிறாள். ஸ்டிக்கரை எடுக்கிறாள். டிஷ்யூவைச் சரசரவென்று விலக்குகிறாள். "வாவ், எவ்ளோ அழகா அடுக்கியிருக்காங்க!" அப்புறம் முகம் மாறுகிறது. "ஒரு நிமிஷம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறாவது எங்கே? க்ரீம் எங்கே?" கேமராவைச் சாய்த்துப் பெட்டிக்குள் காட்டுகிறாள். நடுவில் வெறுமை. பிறகு கார்டைக் கையிலெடுத்து அக்காவின் பெயரை வாசிக்கிறாள். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. மூன்றாவது முறை இனிஷியலை இழுத்து, சிரித்து. "அன்போட அடுக்கினீங்களா, இல்ல அன்போட எடுத்துக்கிட்டீங்களா?"

எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'க்ரீம் இப்ப அந்தம்மா வீட்டுக் கண்ணாடி முன்னாடி இருக்கும்.' 'இந்தப் பேரைக் குறிச்சு வெச்சுக்கோங்க.' 'வேலைய விட்டுத் தூக்குற வரைக்கும் சந்தா கட்டாதீங்க.' ஒரு ஊசி கீழே கிடந்தாலும் யாருடையது என்று கேட்டுவிட்டு எடுக்கிறவள் அக்கா.

நான் மறைக்க நினைத்தேன். முடியவில்லை. அவள் போன் அடித்தது, மகள். இந்தப் பக்கம் அக்கா, "என்ன வீடியோ? யாரு? எந்தப் பேரு?" என்று கேட்டது மட்டும்தான் எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு, "கிளாஸ்ல எல்லாருக்கும் வந்துடுச்சாம். பஸ்ஸுல உட்கார்ந்து அழுதுட்டே வீட்டுக்குப் போறா" என்றாள். டப்பாவை மூடினாள். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.

மேடம் மூன்று மணிக்கு வந்தார். கூடவே சூப்பர்வைசர், பார்க்கும் பக்கமெல்லாம் தலையாட்டுகிற மனிதர். அக்காவை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

"உங்களை யாரும் திருடின்னு சொல்லல," என்றார் மேடம். அந்த ஆரம்பமே எனக்குப் பிடிக்கவில்லை. "கவனக்குறைவு. மனுஷங்களுக்கு நடக்கிறதுதான். ஒண்ணு பண்ணலாம். நீங்க புதுசா ஒரு பெட்டி அடுக்குங்க. கார்டுல உங்க கையாலேயே ஒரு ஸாரி எழுதுங்க. 'மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு. அவகிட்ட பேசிட்டேன், அடுத்த வீடியோவுல அதைக் காட்டுவா. எல்லாருக்கும் மனசு இளகிடும். முடிஞ்சுது."

"நான் மறக்கலையே மேடம்."

"ஒரு நாளைக்கு எழுபது எண்பது பெட்டி அடுக்குறீங்க. எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அந்த வீடியோவைச் சத்தம் இல்லாம ஒருதடவை போடுங்க."

மேடம் சலித்துக்கொண்டே தன் மேஜைக் கம்ப்யூட்டரில் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். ஸ்டிக்கரைப் பிரிக்கிற இடத்தில், "நிறுத்துங்க" என்றாள். "இதை இன்னொரு தடவை." பார்த்தாள். "நம்ம ஸ்டிக்கரைப் பிரிச்சா டிஷ்யூ கிழியும். கூடவே ஒரு துணுக்கு வரும். வராம இருந்து நான் பார்த்ததே இல்ல. இது எலை மாதிரி எழுந்து வருது."

"அவங்க மெதுவா எடுத்திருப்பாங்க," என்றார் சூப்பர்வைசர்.

"சரி. அடுத்தது போடுங்க." பெட்டிக்குள் காட்டும் இடம். "நிறுத்துங்க. மேடம், இது இங்கிருந்து கிளம்பி எத்தனை நாள்ல அவங்க வீட்டுக்குப் போச்சு?"

"மூணு நாள்."

"மூணு நாள் வேன்ல, மூட்டைக்கு அடியில, ஒருத்தன் கையிலிருந்து இன்னொருத்தன் கைக்குத் தூக்கிப் போட்டுப் போன பெட்டி. நடுவுல ஜாடி இல்ல. ஆனா சோப்பு நேரா நிக்குது, எண்ணெய் பாட்டில் நேரா நிக்குது, சீப்பு கூட நகரல. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

அக்கா பேசுவதை விட்டுவிட்டாள். வெளியே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து, மேடத்தின் மேஜை மேலேயே அடுக்கினாள். ஒன்றில் ஆறு சாமான். இன்னொன்றில் ஜாடி இல்லாமல் ஐந்து. இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி மூடி என்னிடம் தந்தாள்.

"கூரியர்காரன் மாதிரி போடு," என்றாள்.

இந்த வேலையை நான் எவ்வளவு சந்தோஷமாகச் செய்தேன் என்று சொல்லி மாளாது. எறிந்தேன், உருட்டினேன், தலைகீழாக வைத்து மேலே ஒரு ஃபைல் கட்டை வைத்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை ஒதுங்கி நின்றார்.

ஐந்து சாமான் பெட்டியைத் திறந்தோம். ஸ்டிக்கரோடு டிஷ்யூ கிழிந்து வந்தது. உள்ளே சோப்பு நடுவில் வந்து மல்லாந்து கிடந்தது, எண்ணெய் பாட்டில் அதன் மேல் படுத்திருந்தது, துருவல் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. நடுவில் வெறுமை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆறு சாமான் பெட்டியைத் திறந்தோம். வைத்தது வைத்தபடி. அக்கா ஜாடியை மட்டும் இரண்டு விரலால் தூக்கினாள். அடியில் வட்டமாக, சுற்றிலும் திருகின துருவலோடு, ஒரு குழி. அப்படியே கம்ப்யூட்டர் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். திரையில் இருந்ததும் அதே குழி.

"ஜாடி உட்கார்ந்து எழுந்த இடம் மேடம் இது," என்றாள். "அவங்க வீட்லதான் எழுந்திருக்கு."

மேடத்தின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்தது. விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்!

மேடம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார், அது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம். சுற்றி வளைத்து, கெஞ்சாத குறையாகக் கேட்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அய்யோ மேடம், நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்! ஒரு ட்ரையல் எடுத்தேன், லைட்டிங் பார்க்க. அப்ப க்ரீமைத் திறந்து கையில தடவிப் பார்த்துட்டு வாஷ் பேசின்கிட்டயே வெச்சுட்டேன் போல. அப்புறம் மத்ததை எல்லாம் திரும்ப வெச்சு, மடிச்சு, ஃபைனல் எடுத்தேன். அப்ப நிஜமாவே காணோம்னுதான் நெனச்சேன். நேத்து சாயங்காலம் முகம் கழுவப் போனா அங்கே உட்கார்ந்திருக்கு!"

"அப்ப வீடியோவை எடுத்துடலாமா?" என்றார் மேடம்.

"அது எப்படி மேடம்? நான் போட்டதுலயே இதுதான் நல்லா ஓடுது. இப்ப எடுத்தா நான் ட்ரையல் எடுத்தேன்னு தெரிஞ்சிடும்ல? முதல் தடவை பிரிக்கிறேன்னு சொல்லியிருக்கேனே. நீங்க அந்த ஸாரி கார்டை அனுப்புங்க, நான் க்யூட்டா முடிச்சிடுறேன்."

மேடம் என்ன சொன்னார் தெரியுமா? "தேங்க்ஸ்மா" என்றார்! போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "உண்மை என்னன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுதானே முக்கியம்?" என்று பூசி மெழுகினார். "கார்டு மட்டும் எழுதிடுங்க. இனிமே ஒரு ஆறு மாசத்துக்கு உங்க பேரை விட்டுட்டு வேற ஏதாவது அழகான பேரா எழுதுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

தப்பு செய்தவள் பெயர் ஐந்து லட்சம் பேர் வாயில் செல்லமாக இருக்கும். செய்யாதவள் தன் பெயரையே மறைத்துக்கொள்ள வேண்டும். இதை நல்லது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும், அது அவரிடம் இருந்தது.

அக்கா கத்தவில்லை. "செய்யாததுக்கு நான் எழுத மாட்டேன் மேடம்," என்றாள். "வேற பேரும் எழுத மாட்டேன். போகச் சொன்னா போறேன்." சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். டிஷ்யூ தாளை எடுத்து, ஓரம் பார்த்து விரித்தாள். மேஜை மேல் எழுதாத கார்டு ஒரு கட்டு இருந்தது, அதை அவள் தொடவே இல்லை.

நான் விடுவேனா? அறையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், சிரிப்பையும் சேர்த்து. நான் முடித்ததும் அக்காவுக்கு அடுத்த மேஜையில் இருப்பவள் பேனாவை மூடி வைத்தாள். "நாளைக்கு எவளாவது என் பேரை இப்படி வாசிப்பா. எனக்கு வேணாம்பா இந்தக் கார்டு," என்றாள். அவ்வளவுதான். ஒன்றன் பின் ஒன்றாக ஏழு பேனா மூடியது. பெட்டி அடுக்கினோம், டிஷ்யூ மடித்தோம், எதுவும் நிற்கவில்லை. ஆனால் கார்டு வைக்காமல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது, ஸ்டிக்கர் ஒட்டாமல் மூட முடியாது. வாயைத் திறந்துகொண்டு பெட்டிகள் வரிசையாகக் குவிந்தன. ஐந்து மணிக்குக் கூரியர் வேன் வரும். அன்றைக்கு அறுநூறு பெட்டி போயாக வேண்டும்.

நாலேகாலுக்கு சூப்பர்வைசர் வந்து கெஞ்சினார். நாலரைக்கு மேடம் வந்து மிரட்டினார். "எல்லாரையும் மாத்திடுவேன்" என்றார். "மாத்துங்க மேடம், புதுசா வர்றவங்களுக்கு மடிக்கக் கத்துக்குடுக்க ரசமட்டம்தான் வரணும்" என்றேன் நான். என் வாய் அப்படி. மேடம் என்னை முறைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த வீடியோப் பெண்ணின் பக்கத்தில் இன்னொரு குட்டி வீடியோ வந்தது. ஒரு நாளில் தானாக மறைந்துபோகிற வகை. பத்து விநாடி. உதட்டைக் குவித்துக்கொண்டு, "கய்ஸ், க்ரீம் கெடச்சிடுச்சு! என்கிட்டதான் இருந்துச்சு. பேக்கிங் அக்கா, ஸாரி!" என்று ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

மேடம் அதை எங்களுக்குக் காட்டிவிட்டு, "போதுமா? எழுதுங்க" என்றார். இரண்டு பேர் பேனாவை எடுக்கக்கூடச் செய்தார்கள். அக்கா அதை மகளுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். மகள் உடனே கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரும்மா அது பேக்கிங் அக்கா?" என்று கேட்டாள். "திட்டுறப்ப மட்டும் உனக்குப் பேர் இருந்துச்சா?"

எடுத்த இரண்டு பேனாவும் திரும்ப மேஜைக்குப் போனது. அக்கா மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"அவ என் பேரை மூணு தடவை வாசிச்சா மேடம். இனிஷியலோட. எங்க அப்பா பேரோட முதல் எழுத்து அது. 'ஜாடி என்கிட்டதான் இருந்துச்சு, இவங்க எடுக்கல'ன்னு அவ அதே பேரைச் சொல்லிச் சொல்லணும். அந்தப் பழைய வீடியோ இருக்கிற வரைக்கும் நான் திருடிதான். அதையும் எடுக்கணும். இது ரெண்டும் நடக்காம இந்தக் கார்டுல ஒரு எழுத்து விழாது."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மேடம் பெட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். அங்கேயே நின்று எங்கள் முன்னாலேயே போன் போட்டார். இந்த முறை கெஞ்சவில்லை. "எடுக்கலன்னா அடுத்த மாசம் உனக்குப் பெட்டி கிடையாது. நீ போன்ல சொன்னதை நானே வெளியே சொல்லுவேன்" என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. தன்னைப் பின்தொடர்கிறவர்கள் எல்லாம் போய்விடுவார்களாம், தன் பெயர் கெட்டுப்போகுமாம். பெயர் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அழட்டும் என்று விட்டேன், எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

வீடியோ ஆறு மணிக்குப் போனது. ஆறேகாலுக்கு வேறொன்று வந்தது. பூ இல்லை, விளக்கு இல்லை. மூக்கு சிவந்து, தலை கலைந்து, அக்காவின் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு. "அவங்க ஆறும் சரியா அடுக்கித்தான் அனுப்பியிருந்தாங்க. நான் ஏற்கெனவே பிரிச்சுட்டு, உங்ககிட்ட முதல் தடவைன்னு பொய் சொன்னேன்."

இதைப் பார்த்தவர்கள் முந்தையதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் பேருக்கு அக்கா இன்றைக்கும் க்ரீம் திருடினவள்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அதை ஒரேஒரு முறை, கடைசிவரை பார்த்தாள். என் போனை என்னிடம் தந்துவிட்டுக் கார்டுக் கட்டை இழுத்தாள். முதல் கார்டில் தன் பெயரை எழுதினாள். ஐந்து மணியிலிருந்து காத்திருந்த வேன்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டுப் பெட்டியில் வைத்தாள்.